எசன்ஷியலிசம், எக்சிஸ்டென்ஷியலிசம், பிராக்மாட்டிசம்: "மூன்றையும் கலப்பேன்" என்று எழுதினால் ஏன் போதாது?

பயிற்சி ஆசிரியை · 11 ஆகஸ்ட், இரவு 9.52

கல்வி அடிப்படைகள் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். மூன்று தத்துவங்களையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் வகுப்பறையில் எப்படி முடிவெடுக்க வைக்கும் என்று சொல்ல வேண்டும். என் வரைவில், பயிற்சித்தாளும் மனப்பாடமும் எசன்ஷியலிசம், மாணவர் விருப்பத்துக்கு விடுவது எக்சிஸ்டென்ஷியலிசம், குழுவேலையும் புராஜெக்ட்டும் பிராக்மாட்டிசம் என்று பிரித்து, "நான் மூன்றையும் கலந்து பயன்படுத்துவேன்" என்று முடித்திருந்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் "எப்போது எது?" என்று இரண்டே சொல் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதில் எங்கே பிசகியது?

செங்காங் டீச்சர் · 11 ஆகஸ்ட், இரவு 11.15

வேலையின் பெயரை வைத்துப் பிரித்ததில்தான் பிசகு. பயிற்சித்தாள் மூன்று பேர் கையிலும் இருக்கலாம், குழுவேலையும் அப்படித்தான். எது கற்கத்தக்கது என்று யார் முடிவு செய்கிறார், விடை சரி என்று எது காட்டுகிறது, இந்த இரண்டையும் கேளுங்கள். மூன்றும் தானாகப் பிரிந்து நிற்கும்.

ஒரே ஒரு வகுப்பை வைத்துப் பேசுவோம். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு உயர்நிலை 1 தமிழ் வகுப்பு, 16 பேர். பள்ளி ஓப்பன் ஹவுஸுக்குத் தமிழ் அறிவிப்புப் பலகைகளை எங்கள் வகுப்பே எழுதியது. ஒரு பையன் அம்புக்குறி போட்டு அழகாக எழுதியிருந்தான்: "உணவகத்துக்கு வலி". பேத்திக்காகப் பள்ளி பார்க்க வந்த ஒரு தாத்தா அதன் முன் நின்று, "எங்கப்பா வலிக்குது?" என்று கேட்டார். பையனுக்குப் புரியவில்லை. அவன் காதில் வழியும் வலியும் ஒன்றுதான். வீட்டிலும் ழகரத்தைப் பிரித்துச் சொல்ல ஆள் இல்லை.

அந்தப் பலகையைப் பார்த்ததும் மூன்று ஆசிரியர்கள் மூன்று விதமாக நடப்பார்கள். நாளைக்கு எழுதுகிறேன், இப்போது தாள் திருத்த வேண்டும்.

ஜூரோங் அப்பா · 12 ஆகஸ்ட், காலை 7.05

மன்னிக்கவும், என் மகன் தொடக்கநிலை 6. தமிழில் ஏஎல் 5 வருகிறது, ஏஎல் 3க்கு வர வேண்டும். இந்த மூன்றில் பிஎஸ்எல்இ-க்கு எது உதவும்? துணைப்பாட ஆசிரியரிடம் அதையே கேட்டு வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

செங்காங் டீச்சர் · 12 ஆகஸ்ட், பகல் 1.20

ஜூரோங் அண்ணா, இவை கடையில் கேட்டு வாங்கும் முறைகள் இல்லை. உங்கள் மகன் எதில் மதிப்பெண் இழக்கிறான் என்று முதலில் பாருங்கள். கருத்தறிதலா, கட்டுரையா, வாய்மொழியா? தாளை எடுத்து வைத்துக்கொண்டு தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

சரி, முதல் ஆசிரியர், எசன்ஷியலிசக்காரர். இவர் பலகையைப் பார்த்ததும், "உயர்நிலைக்கு வந்த பிள்ளைக்கு லகர ளகர ழகரம் பிரியவில்லை என்றால் முன்னாலேயே ஏதோ விட்டுப்போயிருக்கிறது" என்பார். மறுநாளே கற்பிப்பார். லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் தொடும். ளகரத்துக்கு நாக்கு பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கும் வளையும், ஆனால் தொடாது. பிறகு வலி வளி வழி, அலை அளை அழை, கலை களை கழை என்று வரிசையாகக் காதுக்கும் கைக்கும் பழக்குவார். ஒரு வாரம் கழித்துச் சொல்வதெழுதுதல், தேறாதவருக்கு மறுபடியும். இந்த வரிசையைப் பிள்ளையிடம் கேட்டுத் தீர்மானிக்க மாட்டார். எது தெரிந்திருக்க வேண்டும் என்பது பிள்ளை வகுப்புக்குள் நுழையும் முன்பே முடிவானது. விடை சரியா என்று சொல்வது மொழியின் வழக்கு.

அமெரிக்காவில் 1938-இல் கல்வியாளர் வில்லியம் பாக்லி இதற்கென ஓர் அறிக்கையே எழுதினார். கற்றலில் ஒழுங்கும் வரிசையும் ஏளனத்துக்கு ஆளாகிவிட்டன, தேறாமலே அடுத்த வகுப்புக்கு அனுப்புகிறார்கள் என்பது அவருடைய கவலை. பழமைவாதி, ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

தத்துவம் படித்தவன் · 12 ஆகஸ்ட், இரவு 8.31

டீச்சர், இதை ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? எசன்ஷியலிசம் என்றால் சாராம்சவாதம். மனிதனுக்குப் பிறவியிலேயே ஒரு சாரம் உண்டு என்கிறது. எக்சிஸ்டென்ஷியலிசத்தின் பிரெஞ்சுத் தத்துவஞானி சார்த்ர் 1945 உரையில் காகிதம் வெட்டும் கத்தியை உதாரணம் காட்டினார். கத்தியைச் செய்பவன் மனத்தில் அதன் பயன் முதலில் இருக்கிறது, மனிதனுக்கு அப்படி யாரும் முன்கூட்டி வரையவில்லை, இருப்புதான் முதல் என்றார். ஆக இரண்டும் நேர் எதிர். பிராக்மாட்டிசம் நடுவில். கட்டுரை முடிந்தது.

செங்காங் டீச்சர் · 12 ஆகஸ்ட், இரவு 10.48

தம்பி, சார்த்ர் பற்றிச் சொன்னது சரி. பாக்லியை அவர் எதிரில் உட்கார வைத்தது சரியில்லை. சார்த்ர் மறுக்கும் சாரம் மனித இயல்பைப் பற்றியது. பாக்லி பேசியது எந்தப் பாடங்கள் இன்றியமையாதவை என்பதைப் பற்றி. ஆங்கிலத்தில் ஒரே வேர்ச்சொல் என்பதால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. தமிழில் "சாராம்சவாதம்" என்று மொழிபெயர்த்ததும் அந்தக் குழப்பம் இன்னும் கெட்டியாகிவிட்டது. அதனால் நான் வகுப்பில் "அடிப்படைப் பாடக் கொள்கை" என்றுதான் சொல்வேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மனிதனுக்கு நிலையான இயல்பு உண்டா என்ற கேள்விக்கே பதில் சொல்லாமல் ஒருவர் அடிப்படைப் பாடக் கொள்கையை ஏற்கலாம். ழகரம் தெரிய வேண்டும் என்பதற்கு மனித சாரம் எதற்கு?

ஓய்வுபெற்ற வாத்தியார் · 13 ஆகஸ்ட், காலை 6.40

டீச்சரம்மா சொன்ன பிரிவு சரி. எசன்ஷியலிசம் என்ற பெயரை முன்மொழிந்தது மைக்கேல் டெமியாஷ்கெவிச், பாக்லி அதை எடுத்துக்கொண்டார். ஆனால் பாக்லியைப் பழமைவாதி என்று ஒரே சொல்லில் தள்ளியதை நான் ஏற்கவில்லை. ஐகியூ தேர்வை வைத்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தை முன்கூட்டியே முடிவு கட்டுவதை எதிர்த்து 1925-இல் ஒரு புத்தகமே எழுதியவர் அவர். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான அடித்தளம் கிடைக்கவேண்டும், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு "உனக்கு இது போதும்" என்று மெலிந்த பாடத்தைக் கொடுக்கக்கூடாது என்பதே அவர் வாதத்தின் உயிர். நான் 31 ஆண்டு பாடம் நடத்தியபோது என்னை நிமிர வைத்தது அந்தக் கருத்துதான்.

இன்னொன்று. திருக்குறள் கற்பிப்பதை அடிப்படைப் பாடக் கொள்கை என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். என்றைக்கும் மாறாத உண்மை அதில் இருக்கிறது என்பதற்காகக் கற்பித்தால் அது ஹட்சின்ஸ், அட்லர் பக்கம், வேறு கொள்கை. பாக்லியின் பட்டியல் சமூகத்தின் தேவையைப் பார்த்தது, காலத்தோடு மாறலாம்.

செங்காங் டீச்சர் · 13 ஆகஸ்ட், மாலை 5.30

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். நேற்று எழுதிய "பழமைவாதி" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வீட்டில் தமிழ் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியும் வரிசையாகச் சொல்லித்தராவிட்டால் வேறெங்கே கிடைக்கும்? எங்கள் வகுப்பில் அந்த 16 பேரில் நான்கு பேர் வீட்டில்தான் தாத்தா பாட்டி இருந்தார்கள். அந்த நான்கு பேருக்கு ழகரம் தானாக வந்தது. மற்ற 12 பேருக்கு என்னை விட்டால் ஆளில்லை.

செங்காங் டீச்சர் · 14 ஆகஸ்ட், இரவு 9.10

இரண்டாவது ஆசிரியர். இதில் முதலில் ஒரு முள்ளை எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் "பிராக்மாட்டிக்" என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது வேலைக்கு ஆகுமா, சோறு போடுமா என்பதுதான். அந்தப் பொருளில் பிராக்மாட்டிசத்தின் அமெரிக்கத் தத்துவஞானி ஜான் டூயியைப் படித்தால் தலைகீழாகப் புரியும். 1915-இல் டேவிட் ஸ்னெடன் என்பவர் தொழிற்கல்வியைத் தனியாகப் பிரித்துத் தொழிலுக்கு ஏற்ற ஆளைத் தயாரிக்கலாம் என்றபோது அதை எதிர்த்து எழுதியவரே டூயிதான். அவர் சொன்ன பயன் வேறு. ஒரு சிக்கல் வருகிறது, ஓர் எண்ணம் தோன்றுகிறது, அதைச் செய்து பார்க்கிறோம், விளைவு அந்த எண்ணத்தைச் சரி என்கிறது அல்லது திருத்துகிறது. அந்த அர்த்தத்தில்தான் இது பயன்வழிக் கொள்கை.

சிகாகோவில் 1896-இல் அவர் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகளுக்குப் பஞ்சும் கம்பளியும் கொடுத்தார்கள். கம்பளி உடை முதலில் பரவி, பருத்தி உடை ஏன் பின்தங்கியது என்பது கேள்வி. ஒரு குழு 30 நிமிடம் உட்கார்ந்து பருத்திக் காயிலிருந்தும் விதையிலிருந்தும் பஞ்சைக் கையால் பிரித்தது. ஓர் அவுன்ஸ்கூட, அதாவது 28 கிராம்கூடத் தேறவில்லை. விடை அவர்கள் விரல் நுனியில் இருந்தது. அங்கிருந்து இயந்திரம், வணிகம், வரலாறு என்று பாடம் விரிந்தது.

இனி நம் பலகை. தாத்தா கேட்டதும் அந்தப் பையன் முகம் சிவந்துவிட்டது. நான் திருத்திக் கொடுக்கவில்லை. "இன்னும் எந்தப் பலகையைப் படித்து யாராவது தடுமாறுவார்கள்?" என்று மட்டும் கேட்டேன். ஆறு பேர் பள்ளியைச் சுற்றி வந்தார்கள். "கிலக்குக் கட்டடம்" கிடைத்தது, "கீல் மாடி" கிடைத்தது. ஒருவன் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நாக்கு சுருளும்போது தொடாம இருந்தா இந்த எழுத்தா?" என்று கேட்டான். சரிபார்க்க அந்தத் தாத்தாவையே தேடிப் பிடித்துப் படிக்கச் சொன்னார்கள். விடையைச் சரி என்று சொன்னவர் நானில்லை, பலகையைப் படித்துக் கேண்டீனுக்குப் போய்ச் சேர்ந்தவர்.

பயிற்சி ஆசிரியை · 14 ஆகஸ்ட், இரவு 9.58

அக்கா, இதைப் படித்ததும் பயன்வழிக் கொள்கைதான் வென்றது என்று எழுதத் தோன்றுகிறது.

செங்காங் டீச்சர் · 14 ஆகஸ்ட், இரவு 11.35

அவசரப்படாதீர்கள். இரண்டு வாரம் கழித்து அதே பையன் கடிதம் எழுதினான். "வழி" பிழையில்லாமல் இருந்தது. இரண்டு வரி தள்ளி "வாலைப்பலம்" வாங்கியிருந்தான். அவன் கற்றது ழகரத்தை இல்லை, ஒரே ஒரு சொல்லை. பாக்லி அஞ்சியது இதைத்தான். நேரிட்ட சிக்கலோடு பாடம் நின்றுவிட்டால், நேரிடாத சொற்களை எப்போது கற்பது?

ஆனால் முந்தைய ஆண்டு நான் பட்டியல் போட்டுப் பழக்கிய வகுப்பும் நினைவிருக்கிறது. சொல்வதெழுதுதலில் பத்துக்கு ஒன்பது வாங்கிய பெண் கட்டுரையில் "மலை பெய்தது" என்று எழுதினாள். தேர்வுக்கு ஒரு கை, எழுத்துக்கு ஒரு கை.

டூயியைக் குற்றம் சொல்லும் முன் அவருடைய 1938 புத்தகத்தையும் பார்க்க வேண்டும். பாக்லியின் அறிக்கை வந்த அதே ஆண்டு. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வகுப்பை அவிழ்த்துவிட்டவர்களையே அதில் கண்டிக்கிறார். அனுபவம் எல்லாமே கல்வி ஆகிவிடாது, ஒன்று அடுத்ததற்கு இட்டுச் செல்ல வேண்டும், அதை முன்கூட்டி யோசிப்பது ஆசிரியர் வேலை என்கிறார். ஆக அந்தப் பையன் விஷயத்தில் தவறு கொள்கையுடையது இல்லை. பலகையோடு நிறுத்திய என்னுடையது. மறுநாளே கேண்டீன் விலைப்பட்டியல், அதற்கடுத்து பழக்கடைப் பெயர்கள் என்று கொண்டுபோயிருக்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் இது நம் ஊரில் சறுக்கும். அடுத்த ஆண்டு அதே வேலையைக் கொடுத்தேன். மூன்று பாடவேளையில் இரண்டு வேளை வண்ணம் தீட்டுவதிலேயே போனது. பேச்சு முழுக்க ஆங்கிலம். எழுத்துக்கூட்டலை ஒவ்வொரு குழுவும் என்னிடம் வந்து கேட்டு வாங்கிக்கொண்டது. பலகைகளில் பிழையே இல்லை, அதுதான் கோளாறு. பிழையைக் கண்டுபிடித்தவர் யார் என்று பாருங்கள். ஆசிரியர் என்றால் அங்கே பயன்வழிக் கொள்கை நடக்கவில்லை, நடந்தது ஓவிய வகுப்பு.

தத்துவம் படித்தவன் · 16 ஆகஸ்ட், பகல் 12.15

இருத்தலியலுக்கு, அதாவது எக்சிஸ்டென்ஷியலிசத்துக்கு, எழுத ஒன்றுமே இல்லையா? சம்மர்ஹில் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்துக்கு வருவதும் வராததும் பிள்ளை விருப்பம். அதுதானே சுத்தமான இருத்தலியல் வகுப்பு?

செங்காங் டீச்சர் · 16 ஆகஸ்ட், இரவு 10.20

எல்லாரும் அந்த உதாரணத்தைத்தான் எடுக்கிறார்கள். நீல் அந்தப் பள்ளியை 1921-இல் தொடங்கினார், சார்த்ர் பெயர் வெளியே தெரியும் முன்பே. அவர் சாய்ந்தது உளப்பகுப்பாய்வின் பக்கம். வற்புறுத்தாமல் விட்டால் பிள்ளை நலமாக வளரும் என்ற நம்பிக்கை அது. சார்த்ரிடம் சுதந்திரம் இவ்வளவு இலேசாக இருக்காது. போர்க்காலத்தில் ஒரு மாணவன் அவரிடம் வந்து, தாயோடு இருப்பதா, இங்கிலாந்து போய்ப் படையில் சேர்வதா என்று கேட்டான். "நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு" என்றார். அந்தப் பதிலைக் கேட்டு வெளியே போன பையன் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருக்கும்! அவனுக்காக வேறு யாரும் அதைச் சுமக்க முடியாது.

அதனால் பயிற்சித் தங்கையிடம் ஒன்று சொல்கிறேன். ஐந்து தலைப்பு கொடுத்து ஒன்றை எடுக்கச் சொல்வது இருத்தலியல் ஆகாது. அது மெனு அட்டை. மாணவர் எழுதியதற்கு அவரே பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தால்தான் அந்தப் பேச்சே.

எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். அதே 16 பேரிடம் "தமிழும் நானும்" என்று கட்டுரை கேட்டேன். 11 பேர் "தமிழ் என் உயிர்" என்ற வரியோடு தொடங்கியிருந்தார்கள். மாதிரிக் கட்டுரையில் வந்த வரி. ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதினாள். "பாட்டி இறந்த பிறகு வீட்டில் தமிழ் நின்றுவிட்டது. நான் தமிழ் பேசினால் அம்மா அழுகிறார். அதனால் பள்ளியில் மட்டும் பேசுகிறேன்." அதன் கீழே ஒரு வரி எழுதி நீலப் பேனாவால் அடித்திருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "எனக்குத் தமிழ் வேண்டுமா என்று தெரியவில்லை."

நான் செய்ததை மறைக்க மாட்டேன். பிழைகளைத் திருத்தி, அடியில் சிவப்பில், "முடிவு நேர்மறையாக இருக்கட்டும்" என்று எழுதினேன். அவள் திருத்தி எழுதிய கட்டுரை "தமிழ் என் உயிர்" என்று முடிந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார் · 17 ஆகஸ்ட், காலை 6.15

பாரிஸ் காப்பிக்கடைப் பணியாளர் ஒருவரைச் சார்த்ர் 1943-இல் வர்ணித்திருப்பார். நடையும் குனிவும் கொஞ்சம் மிகையாக இருக்கும். பணியாளர் என்ற வேடத்தை நடித்து, தான் தேர்ந்தெடுக்கக்கூடியவர் என்பதைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்வார். அந்த 11 பேரும் "நல்ல தமிழ் மாணவர்" வேடம் கட்டியிருந்தார்கள். அம்மா, நீங்களும் அன்று "டீச்சர்" வேடத்தில்தான் அந்தச் சிவப்பு வரியை எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் எனக்கு ஓர் ஐயம். 13 வயதுப் பிள்ளையிடம் வீட்டுத் துக்கத்தை எழுத வைத்து, அதை வகுப்பில் வைத்துப் பேசினால் அது வன்முறை ஆகாதா? சார்த்ர் பள்ளிக்கூடத் திட்டம் ஒன்றும் தந்துவிட்டுப் போகவில்லை. மேக்சின் கிரீன் போன்றவர்கள்தான் பின்னால் அதை ஆசிரியர் வாழ்க்கைக்குக் கொண்டுவந்தார்கள், 1973 புத்தகத்தில். அவரும் முதலில் கேட்டது ஆசிரியரைத்தான்: பழகிய வகுப்பறையை வெளியூரிலிருந்து வந்தவர்போல் புதிதாகப் பார்க்கச் சொன்னார்.

செங்காங் டீச்சர் · 17 ஆகஸ்ட், மாலை 6.05

அந்த வேடம் பற்றிச் சொன்னது சுட்டது, சரியாகவும் இருந்தது. வகுப்பில் படித்துக் காட்டுவது கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமே இல்லை. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை ஓர் எழுத்து வேலை கொடுக்கிறேன். நான் மட்டும்தான் படிப்பேன் என்று முன்பே சொல்லிவிடுவேன். எழுத்துப்பிழைக்குக் கோடு போடுவேன். சொன்ன கருத்துக்கு மதிப்பெண் இல்லை, ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன்.

தங்கை, விரிவுரையாளர் கேட்ட "எப்போது எது?" இங்கேதான் கடிக்கிறது. அந்தப் பெண்ணின் தாளில் மூன்று ஆசிரியரும் ஒரே நேரத்தில் பேனாவை வைக்க முடியாது. அடிப்படைப் பாடக்காரர் எழுத்துப்பிழை, வாக்கிய அமைப்பு இரண்டையும் ஒரே அளவுகோலில் எல்லாருக்கும் பார்ப்பார். பயன்வழிக்காரர் "இதை யாருக்கு எழுதினாய், படித்தவருக்குப் புரிந்ததா?" என்று கேட்டு, அம்மாவிடமே கொடுக்கச் சொல்லலாம். இருத்தலியல்காரர் அடித்த அந்த வரியின் அருகே, "இதை ஏன் அடித்தாய்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார், பதில் வராமலும் போகலாம். "கலப்பேன்" என்று எழுதுபவர் இந்தத் தாளில் முதலில் எந்தப் பேனாவை எடுப்பார் என்று சொல்லியாக வேண்டும். நான் இன்று முதலில் கேள்வியை எழுதுவேன், பிழைகளுக்கு அடுத்த வாரம் தனித்தாளில் பயிற்சி கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் · 17 ஆகஸ்ட், இரவு 8.50

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தேர்வில் கருத்துக்கும் மதிப்பெண் உண்டு. அதைப் பள்ளியில் பழக்காமல் விட்டால், வீட்டில் தமிழ் இருக்கிற அந்த நான்கு பேர்தான் மறுபடியும் முன்னால் போவார்கள்.

செங்காங் டீச்சர் · 17 ஆகஸ்ட், இரவு 11.02

மூன்று தடவை பதில் எழுதி அழித்துவிட்டேன் ஐயா. ஆண்டுக்கு இரண்டு தாள்தான், மற்ற எல்லாவற்றுக்கும் கருத்துக்கு மதிப்பெண் போடுகிறேன் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன். உங்கள் 12 பேர் கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை என்று எனக்கும் தெரிகிறது.

பயிற்சி ஆசிரியை · 21 ஆகஸ்ட், இரவு 10.30

கட்டுரையை முழுதாகக் கலைத்து எழுதினேன். பிரிவுத் தலைப்புகளை எடுத்துவிட்டு, ஒரே மாணவர் தாளை மூன்று ஆசிரியர்கள் திருத்துவதாக அமைத்திருக்கிறேன். உதாரணம் அக்காவுடையது இல்லை, என் கற்பித்தல் பயிற்சியில் கிடைத்த தொடக்கநிலை 5 மாணவனுடையது. "என் தந்தை ஒரு நல்ல மனிதர்" என்று எழுதி, "நல்ல" என்பதை மட்டும் அடித்திருந்தான். நான் அதைப் பிழையென்று நினைத்து மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை காலை அவன் நோட்டு என் கைக்குத் திரும்பி வருகிறது.